ஆஸ்பிரின் விளைச்சல் 56 சதவீதம்: மீதி எங்கே போனது என்று அறிக்கையில் எழுதுவது எப்படி

கரிம வேதியியல் ஆய்வக அறிக்கையில் விளைச்சல் குறைந்துவிட்டால், கடைசிப் பத்தியில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: "வடிகட்டும்போதும் பாத்திரம் மாற்றும்போதும் சிறிதளவு பொருள் வீணானது. மனிதப் பிழையும் காரணமாக இருக்கலாம்." இந்த வரியை எந்தச் சோதனையின் அறிக்கையிலும் ஒட்டிவிடலாம் என்பதுதான் அதிலுள்ள குறை. வடிதாளில் ஒட்டியது எத்தனை கிராம், வடிநீரில் கரைந்து போனது எத்தனை கிராம், உண்மையிலேயே வினை நடக்காமல் நின்றது எவ்வளவு என்று பிரித்துச் சொன்னால்தான் அது விளக்கம்.

முதலாண்டு மாணவர்கள் பலரும் செய்கிற ஆஸ்பிரின் தயாரிப்பை எடுத்துக்கொள்வோம். சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டிக் அன்ஹைட்ரைடையும் சில சொட்டு அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்து, வெந்நீர்த் தொட்டியில் கால் மணி நேரம் வைத்து, தண்ணீர் ஊற்றிப் பனிக்கட்டியில் குளிரவிட்டு வடிகட்டுகிறோம். பிறகு எத்தனாலும் தண்ணீரும் கொண்டு மறுபடிகமாக்குகிறோம். கீழே வரும் எடைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. மோலார் நிறைகளும் கரைதிறன்களும் நூல்களில் உள்ளவை.

முதலில் கணக்கைச் சரிபாருங்கள்

எடுத்த சாலிசிலிக் அமிலம் 2.00 கிராம். அதன் மோலார் நிறை 138.12 என்பதால் 14.5 மில்லிமோல். அசிட்டிக் அன்ஹைட்ரைடு 5 மில்லி, அடர்த்தி 1.08, மோலார் நிறை 102.09, ஆகவே சுமார் 53 மில்லிமோல். ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வினை நடப்பதால், சாலிசிலிக் அமிலம்தான் வினைக் கட்டுப்பாட்டுக் காரணி. ஆஸ்பிரினின் மோலார் நிறை 180.16. எல்லாம் மாறியிருந்தால் 2.61 கிராம் கிடைக்க வேண்டும். கையில் இருக்கும் உலர்ந்த, மறுபடிகமாக்கிய ஆஸ்பிரின் 1.46 கிராம். விளைச்சல் 56 சதவீதம்.

இந்தக் கணக்கை இரண்டு முறை போட்டுப் பாருங்கள். 2.61-க்குப் பதிலாக 2.00 கிராமால் வகுத்துவிட்டால் 73 சதவீதம் வரும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் தவறு. கிராமை கிராமால் நேரடியாக வகுக்கும் இந்தப் பிழை அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது.

ஆக, விளக்க வேண்டியது 1.15 கிராம். சதவீதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இனி கிராமிலேயே பேசுங்கள். "44 சதவீதம் இழப்பு" என்பதை எதனோடும் ஒப்பிட முடியாது. 1.15 கிராம் என்றால் தராசில் வைத்து ஒப்பிடலாம்.

இழப்பை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள்

மறுபடிகமாக்கலுக்கு முன் கிடைத்த கச்சாப் பொருளின் எடையைக் குறித்து வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. நம் எடுத்துக்காட்டில் கச்சா எடை 2.09 கிராம். அப்படியானால் முதல் கட்டத்தில், அதாவது வினையிலும் முதல் வடிகட்டலிலும், 0.52 கிராம் போயிருக்கிறது. மறுபடிகமாக்கலில் 0.63 கிராம் போயிருக்கிறது. கச்சா விளைச்சல் 80 சதவீதம், மறுபடிகமாக்கலில் மீண்டது 70 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் 56.

இதிலிருந்தே ஒரு செய்தி தெரிகிறது: பெரிய இழப்பு வினையில் இல்லை, தூய்மைப்படுத்தலில்தான் இருக்கிறது. "வினை முழுமையடையவில்லை" என்று முதல் காரணமாக எழுதத் தயாராக இருந்தவர் இங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் இந்தப் பிரிப்பு நம்பகமாக இருக்க, கச்சாப் பொருள் நன்றாக உலர்ந்த பிறகு எடை போட்டிருக்க வேண்டும். உறிஞ்சு வடிகட்டலில் பத்து நிமிடம் காற்று இழுத்ததோடு எடை போட்டால், அந்த 2.09 கிராமில் கணிசமான பங்கு தண்ணீராக இருக்கலாம். அப்போது கச்சா விளைச்சல் பொய்யாக உயர்ந்து, பழி முழுவதும் மறுபடிகமாக்கல் மேல் விழும். ஒரு இரவு காற்றில் காயவிட்டு, ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடை போட்டு, எடை மாறவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஈரமாக எடை போட்டிருந்தால் அதை அப்படியே எழுதுங்கள். அப்போது இரண்டு கட்டப் பிரிப்பு வெறும் மதிப்பீடுதான் என்பது படிப்பவருக்குப் புரியும்.

ஈரத்தைப் பற்றி இன்னொன்று. "பொருள் முழுதாக உலரவில்லை" என்பதைக் குறைந்த விளைச்சலுக்குக் காரணமாக எழுதுகிறவர்கள் உண்டு. ஈரம் எடையைக் கூட்டும், குறைக்காது. மாசுகளும் பெரும்பாலும் அப்படித்தான். ஒவ்வொரு காரணத்தையும் எழுதும் முன், அது எடையை எந்தப் பக்கம் தள்ளும் என்று கேளுங்கள். எதிர்ப்பக்கம் தள்ளுகிற காரணம் உங்கள் அறிக்கையில் இருந்தால், உண்மையான இழப்பு நீங்கள் நினைப்பதைவிட அதிகம் என்று பொருள்.

வினை முழுமையடையவில்லை என்று சொல்லலாமா?

எல்லாரும் முதலில் நீட்டுவது இந்தக் காரணத்தைத்தான். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

குடுவையில் ஈரம் இருந்து அன்ஹைட்ரைடைத் தின்றுவிட்டது என்று எழுதத் தோன்றும். கணக்குப் போடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறத்தாழ 0.05 மில்லி, அதாவது 2.8 மில்லிமோல். நம்மிடம் 53 மில்லிமோல் அன்ஹைட்ரைடு இருக்கிறது, தேவை 14.5 மட்டுமே. குடுவையில் அரை மில்லி தண்ணீர் தேங்கியிருந்தால்கூட 28 மில்லிமோல்தான் போகும். மீதி 25 மில்லிமோல் வினைக்குப் போதும். ஆகவே ஈரக் குடுவை இந்த அளவு இழப்பை விளக்காது. பழைய புட்டி அன்ஹைட்ரைடு கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தாலும் இதே பதில்தான். கந்தக அமிலத்தை மறந்துவிட்டீர்கள், வெந்நீர்த் தொட்டி சூடாகவே இல்லை என்றால் கதை வேறு. அதற்கு உங்கள் குறிப்பேட்டில் சான்று இருக்க வேண்டும்.

அடுத்தது, பலரும் கவனிக்காத ஒரு விஷயம். வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் மாயமாக மறைந்துவிடாது. அதுவும் குளிர்ந்த தண்ணீரில் அதிகம் கரையாது. அறை வெப்பநிலையில் லிட்டருக்கு சுமார் 2 கிராம்தான். அதனால் அதில் பெரும்பகுதி ஆஸ்பிரினோடு சேர்ந்தே படிகமாகி வடிதாளில் வந்து உட்காரும். பத்தில் ஒரு பங்கு அமிலம் வினைபுரியாமல் நின்றது என்று வையுங்கள். அது 1.45 மில்லிமோல். ஆஸ்பிரினுக்கும் சாலிசிலிக் அமிலத்துக்கும் மோலுக்கு 42 கிராம்தான் வித்தியாசம். எல்லாமே வடிதாளில் பிடிபட்டால், கச்சா எடை வெறும் 0.06 கிராம்தான் குறையும்! கச்சா எடையில் 0.52 கிராம் குறைந்ததற்கு இதை மட்டும் காரணமாக்க முடியாது.

சரி, எவ்வளவு நின்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபெரிக் குளோரைடு சோதனை செய்யுங்கள். சாலிசிலிக் அமிலத்தில் ஃபீனால் தொகுதி இருப்பதால் ஊதா நிறம் வரும். தூய ஆஸ்பிரினுக்கு வராது. மூன்று சோதனைக் குழாய்களில் சாலிசிலிக் அமிலம், உங்கள் கச்சாப் பொருள், மறுபடிகமாக்கிய பொருள் ஆகியவற்றை ஒரே அளவு எடுத்து, 1 மில்லி எத்தனாலில் கரைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சதவீத ஃபெரிக் குளோரைடு கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்தச் சோதனை மிகவும் நுட்பமானது. துளி சாலிசிலிக் அமிலத்துக்கே நிறம் காட்டும். அதனால் "ஊதா வந்தது, ஆகவே வினை பாதியில் நின்றது" என்று தாவக் கூடாது. வெளிர் ஊதா என்றால் கொஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான். கூடவே உருகுநிலையும் பாருங்கள். ஆஸ்பிரின் சுமார் 135 டிகிரி செல்சியஸில் உருகும். மெதுவாகச் சூடாக்கினால் சிதைந்து சற்று முன்பே உருகவும் செய்யும். கச்சாப் பொருள் 131 முதல் 134 டிகிரிக்குள் உருகினால் அதில் பெரிய அளவில் சாலிசிலிக் அமிலம் இல்லை. 115-இல் தொடங்கி 130 வரை இழுத்துக்கொண்டு போனால் நிறையவே இருக்க வாய்ப்பு உண்டு.

மறுபடிகமாக்கிய பொருளின் ஊதா, கச்சாவின் ஊதாவைவிட அடர்த்தியாக இருந்தால் கவனியுங்கள். சூடான நீர் கலந்த எத்தனாலில் நீண்ட நேரம் கொதிக்கவிட்டதால் ஆஸ்பிரின் திரும்ப உடைந்திருக்கலாம்.

வடிநீரைக் கீழே ஊற்றாதீர்கள்

முதல் கட்டத்தில் போன 0.52 கிராமைத் தேட இதுதான் முதல் இடம். ஆஸ்பிரின் அறை வெப்பநிலையில் லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 3 கிராம் கரையும், பனிக்கட்டிக் குளிரில் அதைவிடக் குறைவு. தண்ணீர் 50 மில்லி, கழுவியது, அன்ஹைட்ரைடிலிருந்து வந்தது எல்லாம் சேர்ந்து வடிநீர் 70 மில்லி என்றால், நூல் கணக்குப்படி 0.2 கிராம் வரை கரைந்திருக்கலாம். ஆனால் அது வெறும் தண்ணீர் இல்லை. மிச்ச அன்ஹைட்ரைடு நீரோடு வினைபுரிந்து அசிட்டிக் அமிலமாகியிருக்கிறது. வினையில் வந்ததையும் சேர்த்தால் 5 கிராமுக்கு மேல். அசிட்டிக் அமிலம் கலந்த நீரில் ஆஸ்பிரின் இன்னும் கொஞ்சம் கூடவே கரையும். ஆகவே நூல் எண்ணை நம்பி நிற்காமல் அளந்துவிடுங்கள்.

வடிநீரை நன்றாகக் கலக்கி, 10 மில்லி எடுத்து, முன்பே எடை போட்ட வாட்ச் கிளாஸில் ஊற்றி, ஃபியூம் ஹூட்டில் தானாக ஆவியாக விடுங்கள். கலக்காமல் மேலாக எடுத்தால், அடியில் தாமதமாக உருவான படிகங்கள் கணக்கில் வராமல் போகும். கந்தக அமிலம் ஆவியாகாமல் எச்சத்திலேயே தங்கும்; அதனால் சேர்த்த சொட்டுகளின் எடையில் இந்த 10 மில்லிக்கு வரும் பங்கைக் கழித்துவிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் கழித்த பிறகு எச்சம் 0.03 கிராம் என்றால், 70 மில்லிக்கு 0.21 கிராம். இங்கே தராசையும் பாருங்கள். 0.01 கிராம் வரை மட்டுமே காட்டும் தராசு என்றால் அந்த 0.03 என்பது 0.02-ஆகவும் 0.04-ஆகவும் இருக்கலாம். ஏழால் பெருக்கும்போது அந்த ஐயமும் ஏழு மடங்காகிறது: 0.14 முதல் 0.28 வரை. இந்த வீச்சை அறிக்கையில் எழுத வேண்டும். 30 மில்லி எடுத்திருந்தால் வீச்சு சுருங்கும்.

இந்த எச்சத்தில் ஆஸ்பிரின் மட்டுமல்ல, கரைந்த சாலிசிலிக் அமிலமும் இருக்கும். எனவே வடிநீரில் போன சாலிசிலிக் அமிலத்தை மறுபடியும் "வினைபுரியாதது" என்ற தலைப்பில் கூட்டாதீர்கள். ஒரே இழப்பை இரண்டு பெயரில் எண்ணினால் கணக்கு அழகாகக் கூடிவரும், ஆனால் பொய்யாக.

குடுவையில் ஒட்டியதை அளப்பது எளிது. காலிக் குடுவையைச் சில மில்லி அசிட்டோனால் அலசி, எடை தெரிந்த வாட்ச் கிளாஸில் ஊற்றி, நெருப்பு அருகில் இல்லாமல் ஆவியாக விட்டு எடை போடுங்கள். வடிதாளை முன்பே எடை போட்டிருந்தால் அதில் ஒட்டியதும் தெரியும். குடுவையில் 0.05, தாளிலும் புனலிலும் 0.03 என்று வைத்துக்கொள்வோம். அறிக்கைகளில் முதல் குற்றவாளியாக நிற்கிற "பாத்திரம் மாற்றும் இழப்பு" இரண்டும் சேர்ந்து 0.08 கிராம்தான்.

ஆக முதல் கட்டத்தில் 0.52-இல் ஏறத்தாழ 0.29 கிராமுக்கு இடம் தெரிந்துவிட்டது. மிஞ்சியது 0.23. இதை முழுக்க வினைபுரியாத அமிலத்தின் தலையில் கட்ட முடியுமா? மோலுக்கு 42 கிராம் வித்தியாசத்தால் மட்டும் 0.23 கிராம் குறைய வேண்டுமானால் 5.5 மில்லிமோல், அதாவது எடுத்த அமிலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், வினைபுரியாமல் இருந்திருக்க வேண்டும். அப்போது கச்சாவில் முக்கால் கிராம் சாலிசிலிக் அமிலம் இருந்து, ஃபெரிக் குளோரைடு கருஊதாவாக மாறி, உருகுநிலை சரிந்திருக்கும். நம் எடுத்துக்காட்டில் கச்சாவுக்கு வந்த வெளிர் ஊதாவும் 131–134 டிகிரி உருகுநிலையும் அதை மறுக்கின்றன. பக்க வினையில் உண்டாகும் பாலிமரையும் ஒரு முறை பார்த்துவிடலாம்: கச்சாவில் சிறிது எடுத்து சோடியம் பைகார்பனேட் கரைசலில் போடுங்கள். ஆஸ்பிரின் நுரைத்துக் கரைந்துவிடும், பாலிமர் கலங்கலாக நிற்கும். ஆனால் அதுவும் வடிதாளில் எடையாக நிற்கிற பொருள்தான். தெளிவாகக் கரைந்தால் அந்தச் சந்தேகமும் விலகும்.

அப்படியானால் அந்த 0.23 கிராமுக்கு என்ன எழுதுவது? "இடம் தெரியவில்லை" என்றே எழுதுங்கள். வடிநீர் அளவின் ஐயத்தை வைத்துப் பார்த்தால் அது 0.16 முதல் 0.30 வரை இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடுகிற ஆசிரியர் என்ற முறையில் சொல்கிறேன், கணக்கை இழுத்துப் பிடித்துப் பூஜ்யமாக்கிய அறிக்கையைவிட இப்படி ஒரு வரி உள்ள அறிக்கையை நான் அதிகம் நம்புவேன்.

மறுபடிகமாக்கலில் போன 0.63

வழிமுறைத் தாள் 5 மில்லி சூடான எத்தனால் என்றது. நம் மாணவர் கடைசிப் படிகம் மெதுவாகக் கரைவதைப் பார்த்துப் பொறுமையிழந்து 10 மில்லி ஊற்றிவிட்டார். பிறகு 20 மில்லி வெந்நீர். இது குறிப்பேட்டில் இருக்கிறது, ஆகவே நல்ல சந்தேகம். எத்தனாலில் ஆஸ்பிரின் தாராளமாகக் கரையும். எத்தனால் கூடக்கூடக் குளிர்ந்த பிறகும் தாய்க்கரைசலில் தங்குவது கூடும்.

சந்தேகத்தைச் சோதிக்க இரண்டு வழி. தாய்க்கரைசலில் இன்னும் 20 மில்லி பனிநீர் ஊற்றி, பனிக்கட்டியில் அரை மணி நேரம் வையுங்கள். 0.24 கிராம் இரண்டாவது அறுவடையாக வந்தது என்றால், சந்தேகத்துக்குச் சான்று கிடைத்துவிட்டது. அதன் உருகுநிலையைத் தனியாகப் பாருங்கள். முதலாவதைவிடத் தாழ்வாக இருந்தால் முதலாவதோடு கலக்கக் கூடாது. விளைச்சலை உயர்த்துவதற்காகக் கலந்துவிட்டு முதல் படிகத்தின் உருகுநிலையை மட்டும் எழுதினால், எழுதிய உருகுநிலை எடை போட்ட பொருளுடையது இல்லை.

இரண்டாவது வழி இன்னும் உறுதியானது, நேரம் இருந்தால் செய்யுங்கள். தூய ஆஸ்பிரின் 1.00 கிராம் எடுத்து, அதே விகிதத்தில் எத்தனாலும் தண்ணீரும் ஊற்றி, அதே போலக் குளிரவைத்து வடிகட்டுங்கள். இங்கே வினை என்று எதுவும் இல்லை; போவதெல்லாம் மறுபடிகமாக்கலில் மட்டுமே போகிறது. 0.74 கிராம் திரும்பி வந்தால், இந்த முறை நூற்றுக்கு 26 எடுத்துக்கொள்கிறது என்று தெரிகிறது. நம் 2.09 கிராமுக்கு அது 0.54. அதாவது 0.63-இல் பெரும்பகுதி இந்த முறையாலேயே போனது. பாதி எத்தனாலோடு இன்னொரு முறை செய்து 0.86 வந்தால், எத்தனால் அளவுதான் காரணம் என்று துணிந்து எழுதலாம்.

உருகுநிலைக்கும் நிறச் சோதனைக்கும் எடுத்த பொருளையும் மறக்காதீர்கள். அது 0.02 கிராம் இருக்கலாம். தெரிந்தே எடுத்தது என்பதால் கணக்கில் தனி வரியாக வர வேண்டும்.

எழுதும்போது

காரணங்களைச் சோதனை நடந்த வரிசையில் அடுக்காமல், கிராம் அளவின் வரிசையில் எழுதுங்கள். பெரியது முதலில். எது அளந்தது, எது கணக்கிட்டது, எது ஊகம் என்பதை வினைச்சொல்லிலேயே காட்டுங்கள்: "இருந்தது", "இருந்திருக்க வேண்டும்", "இருந்திருக்கலாம்" மூன்றும் ஒன்றல்ல. நம் எடுத்துக்காட்டுக்கான பத்தி ஏறத்தாழ இப்படி அமையும்:

"விளைச்சல் 1.46 கிராம், 56 சதவீதம். மொத்த இழப்பு 1.15 கிராம். இதில் 0.63 கிராம் மறுபடிகமாக்கலில் ஏற்பட்டது; அதில் 0.02 கிராம் உருகுநிலைக்கும் நிறச் சோதனைக்கும் எடுத்தது. வழிமுறையில் உள்ள 5 மில்லிக்குப் பதில் 10 மில்லி எத்தனால் சேர்த்தேன். தூய ஆஸ்பிரினை இதே அளவுகளில் மறுபடிகமாக்கியபோது 74 சதவீதம் மட்டுமே மீண்டது. எத்தனாலைப் பாதியாக்கியபோது 86 சதவீதம் மீண்டது. தாய்க்கரைசலிலிருந்து இரண்டாவது அறுவடையாகக் கிடைத்த 0.24 கிராம் தாழ்ந்த வெப்பநிலையில் உருகியதால் விளைச்சலில் சேர்க்கப்படவில்லை. மறுபடிகமாக்கலுக்கு முன் 0.52 கிராம் இழக்கப்பட்டது. வடிநீர் எச்சத்தின்படி இதில் 0.14 முதல் 0.28 கிராம் வரை கரைந்து போனது. குடுவையிலும் வடிதாளிலும் 0.08 கிராம் இருந்தது. கச்சாப் பொருளின் வெளிர் ஊதா நிறம் வினைபுரியாத சாலிசிலிக் அமிலம் சிறிதளவு இருந்ததைக் காட்டுகிறது. உருகுநிலை 131–134 டிகிரியாக இருந்ததால் அது இழப்புக்கு முக்கியக் காரணமாக இருக்க முடியாது. சுமார் 0.2 கிராமின் இடம் தெரியவில்லை."

குடுவைகளைக் கழுவி வைத்துவிட்டு, வடிநீரையும் ஊற்றிவிட்டு, இரவில் அறிக்கை எழுத உட்காருகிறவர்களுக்கு இந்த அளவுகளில் பெரும்பாலானவை கிடைக்காது. அப்போதும் கச்சா எடை, ஊற்றிய கரைப்பான்களின் அளவு, உருகுநிலை இந்த மூன்றும் குறிப்பேட்டில் இருக்கும். இவற்றை வைத்து இரண்டு கட்டப் பிரிப்பையும் கரைதிறன் கணக்கையும் செய்துவிடலாம். வடிநீரில் போனதை "நூல் கரைதிறன்படி 0.2 கிராம் வரை இருந்திருக்கலாம், அளக்கவில்லை" என்று எழுதுங்கள். குடுவையில் ஒட்டியதை அளக்கவில்லையென்றால் அதற்கு எண் கொடுக்காமல், கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். அடுத்த வாரச் சோதனைக்கு ஆய்வகத்துக்குள் நுழையும்போதே வடிதாளையும் இரண்டு வாட்ச் கிளாஸ்களையும் எடை போட்டு, அந்த எண்களைக் குறிப்பேட்டின் முதல் வரியில் எழுதிவிடுங்கள்.